விளக்கேற்றலும் இறைவணக்கமும்: மைக் பிடிக்கிற புது ஆளுக்கு முதல் பத்து நிமிசம்

திருகோணமலையில ஒரு விழாவுக்கு உங்களை அறிவிப்பாளரா நிக்கச் சொல்லியிருக்கினம், நூல் வெளியீடோ பாடசாலைப் பரிசளிப்போ நூலக ஆண்டு விழாவோ எதுவா இருந்தாலும் முதல் பத்து நிமிசம் கிட்டத்தட்ட ஒண்டுதான். மங்கள விளக்கேற்றல், இறைவணக்கம், தமிழ்மொழி வாழ்த்து, சில இடத்தில தேசிய கீதம், சில இடத்தில ஒரு நிமிச மௌனம். இந்தப் பத்து நிமிசத்தில ஆக்கள் வந்தது உங்கட பேச்சைக் கேக்க இல்ல. விளக்கும் பாட்டும்தான் அங்க நடக்குது, நீங்கள் அதுக்குக் கதவைத் திறந்து விட்டுட்டு ஒதுங்கி நிக்கிற ஆள். ஒவ்வொண்டுக்கும் ரெண்டு வசனம் போதும், மூண்டாவது வசனம் வந்தா அது பெரும்பாலும் தேவையில்லாதது.

ஆனா அந்த ரெண்டு வசனம் சரியா வாறதுக்கு முதல் நாளே செய்யிற வேலை இருக்கு. ஒரு உதாரணத்தை எடுத்து அதையே கடைசி வரைக்கும் பாப்பம். ஊர்க் கவிஞர் ஒருத்தரிட நூல் வெளியீடு, பின்னேரம் 4 மணி, கடற்கரைப் பக்கம் ஒரு மண்டபம். பிரதம விருந்தினர் பிரதேச செயலாளர், அவ ஒரு அம்மா. தலைமை தாங்கிறது ஓய்வுபெற்ற அதிபர். ஆசியுரைக்கு ஒரு குருக்கள், ஒரு அருட்தந்தை, ஒரு மௌலவி. நூலாசிரியரும் அவரிட அம்மாவும். மொத்தம் ஏழு பேர், விளக்குக்கு இருக்கிறது அஞ்சு முகம்.

முதல் நாள்: ஆரைக் கூப்பிடப் போறீங்கள் எண்டு கேளுங்கோ

ஒழுங்குக் குழு தாற நிகழ்ச்சி நிரல்ல "மங்கள விளக்கேற்றல் - அதிதிகள்" எண்டு ஒரு வரிதான் இருக்கும். அதை அப்பிடியே கையில வச்சுக்கொண்டு மேடைக்குப் போனா சிக்கல் அங்கதான் தொடங்கும். ஆர் ஆர் ஏத்துறது, எந்த ஒழுங்கில, எண்டு பேர் பேரா எழுதி வாங்கோணும்.

இதில ஆகக் கவனமா இருக்க வேண்டிய இடம் வேற மதத்து ஆக்களைக் கூப்பிடுறது. எங்கட ஊர் மூண்டு இனமும் நாலு மதமும் ஒரே தெருவில இருக்கிற ஊர், மேடையும் அப்பிடித்தான் இருக்கும். விளக்கேத்துறதைச் சில முஸ்லிம் விருந்தினர் ஒரு பொதுச் சம்பிரதாயமா எடுத்துச் சந்தோசமா ஏத்துவினம், சில பேர் அது தங்கட மார்க்கத்துக்குச் சரிவராது எண்டு நினைப்பினம். கிறிஸ்தவ ஆக்களிலயும் சில சபையைச் சேர்ந்தவை அப்பிடி நினைக்கிறது உண்டு. எது சரி எண்டு முடிவெடுக்கிறது உங்கட வேலை இல்ல. மைக்கில பேர் சொல்லிக் கூப்பிட்ட பிறகு அவர் தயங்கி நிக்கிற நிலைமையை உண்டாக்காமல் விடுறதுதான் உங்கட வேலை. நூறு பேர் பாத்துக்கொண்டிருக்கேக்க அவருக்கு ஓம் எண்டும் சொல்லேலாது, இல்லை எண்டும் சொல்லேலாது, அந்தச் சங்கடம் விழா முடியும் வரைக்கும் மண்டபத்தில இருக்கும்.

அதால முதல் நாள் ஃபோன் எடுத்துக் கேளுங்கோ, இல்லாட்டி குழுவில அவரைத் தெரிஞ்ச ஆளை விட்டுக் கேக்கச் சொல்லுங்கோ. கேக்கிற விதமும் முக்கியம். "நீங்கள் விளக்கேத்த மாட்டீங்களோ" எண்டு கேக்கக்கூடாது. "மௌலவி, நாளைக்கு விளக்கேற்றலுக்கும் உங்களைக் கூப்பிடவா, இல்லாட்டி ஆசியுரைக்கு மட்டும் கூப்பிடவா, உங்களுக்கு எது வசதி?" எண்டு கேட்டா ரெண்டும் சமனான மரியாதையா இருக்கு, அவர் எதையும் விளக்கம் சொல்லத் தேவையில்ல. எங்கட உதாரணத்தில அவர் "ஆசியுரைக்கு மட்டும் கூப்பிடுங்கோ தம்பி" எண்டு சொல்றார் எண்டு வைப்பம். சரி, முடிஞ்சுது. அடுத்த நாள் மைக்கில இதைப் பற்றி ஒரு சொல்லும் வரக்கூடாது, "மௌலவி அவர்களைத் தவிர்ந்த ஏனையோர்" எண்ட மாதிரி ஒண்டும் வேண்டாம். ஏத்துற ஆக்களிட பேரை மட்டும் சொன்னாப் போதும்.

இப்ப ஆறு பேர், அஞ்சு முகம். அம்மாவையும் மகனையும் ஒரே சுடருக்குச் சேத்துக் கூப்பிட்டா கணக்குச் சரி, பாக்கவும் வடிவா இருக்கும். "அதிதிகள் அனைவரும் வாருங்கள்" எண்டு மொத்தமாக் கூப்பிட்டா என்ன நடக்கும் எண்டா, முன் வரிசையில இருக்கிற ஆக்கள் எல்லாரும் எழும்பி வந்து விளக்கைச் சுத்தி நிப்பினம், சபைக்கு விளக்கே தெரியாது, திரி முடிஞ்சதுக்குப் பிறகும் ரெண்டு பேர் மெழுகுதிரியோட பாத்துக்கொண்டு நிப்பினம்.

பேரையும் அண்டைக்கே எழுதுங்கோ. பட்டம் என்ன, இனிசல் என்ன, எப்பிடி உச்சரிக்கிறது எண்டு. குருக்களுக்கு சிவஸ்ரீ, பாதிரியாருக்கு அருட்தந்தை, முஸ்லிம் பெரியாக்களுக்கு ஜனாப், ஹஜ் செய்தவர் எண்டா அல்ஹாஜ், பிக்கு வாறார் எண்டா வணக்கத்துக்குரிய எண்டு தொடங்கிக் கடைசியில தேரர். சந்தேகம் எண்டா அவரிட்டயே, இல்லாட்டி அவரோட வந்தவரிட்டக் கேக்கிறதில ஒரு குறையும் இல்ல. பேரைப் பிழையாச் சொல்லிப்போட்டு மன்னிப்புக் கேக்கிறதை விட அது எவ்வளவோ மேல்.

விழா நாள்: விளக்கைப் போய்ப் பாருங்கோ

அறிவிப்பாளருக்கும் எண்ணெய்க்கும் என்ன சம்பந்தம் எண்டு கேப்பீங்கள். திரி பத்தாட்டி மேடையில உருவாகிற அந்த வெறுமையை நிரப்ப வேண்டிய ஆள் நீங்கள்தான், அதால அரை மணித்தியாலம் முதலே போய்ப் பாருங்கோ.

திரி எண்ணெயில ஊறி இருக்கோணும். கடைசி நிமிசத்தில காஞ்ச திரியைப் போட்டு எண்ணெய் ஊத்தினா நுனி கருகுமே ஒழிய சுடர் நிக்காது. நுனியை விரலால கொஞ்சம் எழுப்பி விட்டு, ஒருக்காப் பத்த வச்சு அணைச்சு வச்சா விருந்தினர் கொண்டு போற நெருப்புக்கு உடனே பிடிக்கும். சில பேர் நுனியில சின்னக் கற்பூரத் துண்டு வைப்பினம், அதுவும் நல்லாப் பிடிக்கும், ஆனா பெரிய துண்டு வச்சா சுடர் குப்பெண்டு எழும்பும், சேலைத் தலைப்போட குனியிற ஆக்களுக்கு அது ஆபத்து.

எங்கட ஊர்ல பெரிய பிரச்சினை காத்து. மே மாசத்துக்குப் பிறகு கச்சான் அடிக்கத் தொடங்கினா பின்னேரங்களில மண்டபத்தின்ர ஒரு பக்கக் கதவுக்குள்ளால வந்து மற்றப் பக்கத்தால போகும், மார்கழிப் பக்கம் வாடை. விளக்கு எந்த யன்னலுக்கு நேர இருக்கு எண்டு பாருங்கோ, தேவையெண்டா ரெண்டடி தள்ளி வைக்கச் சொல்லுங்கோ. மேடைப் பக்கம் இருக்கிற ஃபேன் சுவிட்ச் எது எண்டு தெரிஞ்சு வச்சு, நீங்கள் விளக்கேற்றலை அறிவிக்கேக்க ஆர் அதை நிப்பாட்டுறது, எப்ப திரும்பப் போடுறது எண்டு ஒருத்தரிட்டச் சொல்லி வையுங்கோ.

விளக்குக்குப் பக்கத்தில ஒரு ஆள் நிக்கோணும், பிள்ளைகள் எண்டா கொஞ்சம் வளந்த பிள்ளை. அவவிட கையில பத்த வச்ச மெழுகுதிரி, பக்கத்தில ஒரு தட்டில இன்னொரு மெழுகுதிரியும் நெருப்புப் பெட்டியும். உருகின மெழுகு கையில சொட்டாமல் இருக்க மெழுகுதிரியை ஒரு கடதாசிக் கப்புக்குள்ளால விட்டுப் பிடிக்கலாம். சப்பாத்துக் கழட்டுறதையும் இந்த ஆள்தான் பாக்கோணும், விருந்தினர் கிட்ட வரேக்க மெதுவா "சேர், சப்பாத்தை இதில விடலாம்" எண்டு சொன்னாக் காணும். மைக்கில "பாதணிகளைக் கழற்றிவிட்டு வரவும்" எண்டு சொல்லவே வேண்டாம், அது ஒரு மனிசனைச் சபைக்கு முன்னால திருத்துற மாதிரி ஆயிரும்.

இன்னொண்டு, நேரம். 4 மணி விழா எண்டா பிரச்சினை இல்ல. 6 மணிக்குத் தொடங்கிற விழா எண்டா விளக்கேற்றலும் பள்ளிவாசல் மஃரிப் பாங்கும் ஒரே நேரத்தில வரக்கூடும். அண்டைய பாங்கு நேரத்தைப் பாத்து ஒண்டில் கொஞ்சம் முந்தித் தொடங்கலாம், இல்லாட்டி பாங்கு முடியும் வரைக்கும் சும்மா இருந்திட்டுத் தொடங்கலாம். பாங்கு கேக்கேக்க அதுக்கு மேலால பாட்டுப் போடுறதும் அறிவிக்கிறதும் வேண்டாம்.

விளக்கேற்றலை எப்பிடிச் சொல்றது

விருந்தினர் எல்லாரும் வந்து இருந்திட்டினம், வணக்கம் சொல்லிட்டீங்கள், விழாவின்ர பேரைச் சொல்லிட்டீங்கள். இப்ப:

"விழாவின் முதல் நிகழ்வாக மங்கள விளக்கேற்றல். முதற் சுடரை ஏற்றிவைக்குமாறு எமது பிரதம விருந்தினர், பிரதேச செயலாளர் திருமதி இன்னார் அவர்களை அன்போடு அழைக்கின்றோம்."

இவ்வளவுதான். எழுதின தமிழ் இந்த இடத்துக்குச் சரி, மேடையில ஓரளவு செந்தமிழ்தான் வடிவு, ஆனா நீளம் வேண்டாம். இருள் அகல ஒளி பெருக அறியாமை நீங்க எண்டு ஒரு பந்தி சொல்ற பழக்கம் கனபேரிட்ட இருக்கு, எனக்கு அது விருப்பமில்ல, விளக்கு எதுக்கு எண்டு அங்க இருக்கிற எல்லாருக்கும் தெரியும், சொல்லிக்கொண்டு நிக்கேக்க அந்த அம்மா மெழுகுதிரியைப் பிடிச்சுக்கொண்டு காத்து நிப்பா.

அவ எழும்பி நடந்து விளக்கடிக்கு வரும் வரைக்கும் பேசாமல் இருங்கோ. ஏத்தி முடிச்சு அவ ஒரு அடி பின்னுக்கு வச்சாப் பிறகுதான் அடுத்த பேர். "தொடர்ந்து விழாத் தலைவர், ஓய்வுநிலை அதிபர் திரு. இன்னார் அவர்கள்." பிறகு குருக்கள், அருட்தந்தை, கடைசியா "நூலாசிரியரும் அவரது அன்னையாரும்." ரெண்டாவது ஆளில இருந்து பேரும் பொறுப்பும் மட்டும்தான், அவர் எத்தினை வருசம் எங்க வேலை செய்தவர் எண்டதெல்லாம் வரவேற்புரை செய்யிறவருக்கு விடுங்கோ. ஒரு ஆளுக்கு 20 செக்கன் அளவில போகும், நடையையும் சேத்தா எல்லாம் ரெண்டரை நிமிசத்தில முடியும்.

மதத்தலைவர்களை முதல்ல கூப்பிடுறதா பிரதம விருந்தினரை முதல்ல கூப்பிடுறதா எண்டு ஒரு கேள்வி வரும். ரெண்டு வழக்கமும் இருக்கு. பிக்கு மேடையில இருக்கிறார் எண்டா அவரைத்தான் முதல்ல கூப்பிடுறது எங்கட பக்கத்தில வழக்கம். குழு என்ன சொல்லுதோ அதைச் செய்யுங்கோ, ஆனா முடிவை முதல் நாளே எடுக்கச் சொல்லுங்கோ, மேடைக்குப் பக்கத்தில நிண்டு காதுக்குள்ள குசுகுசுக்கிறது சபைக்குத் தெரியும்.

நாதஸ்வரமோ பதிவு செய்த இசையோ பின்னால போகுது எண்டா, பேர் சொல்லேக்க சத்தத்தைக் குறைச்சு பிறகு கூட்டுறதுக்கு சவுண்ட் காரரோட ஒரு கைச்சைகை பேசி வையுங்கோ. ஒரு முகம் அணைஞ்சு போச்செண்டா அதைப் பற்றி மைக்கில ஒண்டும் சொல்லாதேங்கோ. சில ஆக்கள் அதை அபசகுனமா எடுப்பினம், நீங்கள் சொன்னாத்தான் எல்லாற்ற கண்ணும் அங்க போகும். பக்கத்தில நிக்கிற பிள்ளை திரும்பப் பத்த வைப்பா. அவ்வளவுதான்.

இறைவணக்கம்: எப்ப முடியுது எண்டு தெரிஞ்சிருக்கோணும்

புது ஆக்கள் ஆகக் கூடத் தடுமாறுறது இங்கதான். பாட்டு முடிஞ்சுது எண்டு நினைச்சு "நன்றி" எண்டு சொல்லத் தொடங்க, பாடுற பிள்ளை அடுத்த அடியை எடுக்கும். அதால ஒவ்வொரு வணக்கமும் எதோட முடியும் எண்டு முன்கூட்டியே தெரிஞ்சு வையுங்கோ.

தேவாரம் எண்டா அடையாளம் இலகு. "திருச்சிற்றம்பலம்" எண்டு சொல்லித் தொடங்கி, "திருச்சிற்றம்பலம்" எண்டு சொல்லித்தான் முடிப்பினம். ரெண்டாவது திருச்சிற்றம்பலம் கேக்கும் வரைக்கும் மைக்கைத் தொடாதேங்கோ. எங்கட ஊர் மேடைகளில சம்பந்தர் கோணேசர் மேல பாடின பதிகத்தில இருந்துதான் கனதரம் பாடுவினம், மூன்றாம் திருமுறையில வாறது, பாட்டுகள் "கோணமாமலை அமர்ந்தாரே" எண்டு முடியும். ஒரு பாட்டுப் பாடினாப் பிறகு அந்தச் சொல் வரும், உடனே முடிஞ்சுது எண்டு நினைக்காதேங்கோ, பிள்ளை ரெண்டாவது பாட்டும் ஆயத்தப்படுத்தி இருக்கலாம். எத்தினை பாட்டு எண்டு முன்னமே கேளுங்கோ. இதை அறிமுகம் செய்ய "இறைவணக்கம். திருஞானசம்பந்தர் அருளிய கோணமாமலைப் பதிகத்திலிருந்து ஒரு பாடலைச் செல்வி இன்னார் பாடுவார்" எண்டு சொன்னாலே நிறைவு. பதிகத்தின்ர கதையைச் சொல்லத் தொடங்கினா பிள்ளை மைக்குக்கு முன்னால நிண்டு நடுங்கும், தொண்டையும் காஞ்சு போகும்.

கிராஅத் எண்டா பிஸ்மில்லாஹ்வோட தொடங்கி வழக்கமா "ஸதகல்லாஹுல் அழீம்" எண்டு முடியும். ஓதேக்க இடையில நீண்ட நிறுத்தங்கள் வரும், அது முடிவு இல்ல. கிறிஸ்தவ மன்றாட்டு "ஆமென்" எண்டு முடியும், சபையும் சேந்து சொல்லும், ஆனா நீளமான செபத்தில நடுவிலயும் ஆமென் வரலாம், அதால சொல்றவர் தலையை நிமித்திறாரா எண்டு பாருங்கோ. பிக்கு பன்சில் சொல்லிக் குடுத்தா கடைசியில "சாது, சாது, சாது". எல்லா மதத்துக்கும் வணக்கம் இருக்கிற விழாவெண்டா எல்லாத்துக்கும் ஒரே அளவு அறிமுகம், ஒரே மாதிரி வசனம். ஒண்டுக்கு நாலு வசனமும் மற்றதுக்கு "அடுத்து கிராஅத்" எண்டு ரெண்டு சொல்லும் சொன்னா ஒருத்தரும் வாய் திறந்து கேக்காட்டியும் கவனிப்பினம்.

எந்த வணக்கம் முடிஞ்சாலும் உடனே பேசாதேங்கோ, ஒரு மூச்சு விடுற நேரம் விடுங்கோ. கைதட்டல் இதுக்கு வழக்கம் இல்ல. சின்னப் பிள்ளை வடிவாப் பாடினா பெற்றோர் தட்டத் தொடங்குவினம், அதைத் தடுக்கவும் வேண்டாம், "பலத்த கரகோசம்" எண்டு நீங்கள் கேக்கவும் வேண்டாம். "இறைவணக்கம் பாடிய செல்வி இன்னாருக்கு நன்றி" எண்டு அமைதியாச் சொல்லி அடுத்ததுக்குப் போங்கோ.

எழும்பிறதும் இருக்கிறதும்

எது எழும்பி, எது இருந்து எண்டு சபைக்குச் சொல்ற ஆள் நீங்கள் மட்டும்தான். தேசிய கீதமும் தமிழ்மொழி வாழ்த்தும் மௌனமும் எழும்பித்தான். இறைவணக்கத்துக்கும் கனக்க இடத்தில எழும்புவினம், கிராஅத் பெரும்பாலும் இருந்து அமைதியாக் கேக்கிறது. குழுவோட பேசி எழும்பிற நிகழ்வுகளை ஒண்டுக்குப் பக்கத்தில ஒண்டா வைக்கச் சொல்லுங்கோ. வயசானாக்கள், மூட்டு வருத்தக்காரர் எல்லாரும் வந்திருப்பினம், அஞ்சு நிமிசத்துக்குள்ள மூண்டு தரம் எழுப்பி இருத்திறது அவைக்குப் பெரிய கரைச்சல்.

எங்கட நூல் வெளியீட்டில இப்பிடிச் சொல்லலாம்: "இறைவணக்கத்துக்கும் தொடர்ந்து தமிழ்மொழி வாழ்த்துக்கும் அனைவரும் எழுந்து நிற்போம். எழுந்து நிற்க இயலாதவர்கள் அமர்ந்தபடியே இணைந்துகொள்ளலாம்." ஒரு தரம் சொன்னாச் சரி. ரெண்டும் முடிஞ்சாப் பிறகு "நன்றி, அமர்ந்துகொள்வோம்" எண்டு சொல்ல மறக்காதேங்கோ, நீங்கள் அதைச் சொல்லும் வரைக்கும் ஆக்கள் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கொண்டு அரைவாசி இருந்தும் அரைவாசி நிண்டும் கிடப்பினம்.

தேசிய கீதம் இருந்தா தமிழிலயா சிங்களத்திலயா, பாடுறதா பதிவா எண்டு முதலே கேளுங்கோ. "நமோ நமோ தாயே" எண்ட அடி நடுவிலயும் திரும்பத் திரும்ப வரும், அதைக் கேட்டு முடிஞ்சுது எண்டு மைக்கை எடுக்காமல், பதிவெண்டா ஒருக்கா முழுசாப் போட்டுக் கேட்டு நேரம் எவ்வளவு எண்டு தெரிஞ்சு வையுங்கோ.

மௌனம் எண்டா ஆருக்காக எண்டு ஒரே வசனத்தில சொல்லி "ஒரு நிமிடம்" எண்டு சொன்னீங்கள் எண்டா, மணிக்கூட்டைப் பாத்து அந்த ஒரு நிமிசத்தை முழுசாக் குடுங்கோ. மேடையில நிக்கேக்க 20 செக்கனே நீண்ட நேரம் மாதிரி இருக்கும், அதை நம்பி நிப்பாட்டக் கூடாது, உறவை இழந்த ஆக்கள் கீழ நிக்கினம்.

பிரதம விருந்தினர் பிந்தி வந்தா

இது எங்க எண்டாலும் நடக்கும். 4 மணி எண்டு போட்டு 4.20 ஆகியும் பிரதேச செயலாளர் வரேல்ல, கச்சேரியில கூட்டம் முடியேல்ல எண்டு ஃபோன் வருது. தொடங்கிறதா எண்டு முடிவெடுக்கிறது தலைவர். தொடங்கச் சொன்னா ரெண்டு வழி இருக்கு. ஒண்டு, முதற் சுடரைத் தலைவர் ஏத்தி ஒழுங்கா எல்லாத்தையும் நடத்தி முடிக்கிறது. மற்றது, இறைவணக்கத்தையும் தமிழ்மொழி வாழ்த்தையும் முதல்ல நடத்திப்போட்டு விளக்கேற்றலை அவ வந்த பிறகு வைக்கிறது. ஒரு முகத்தை அவவுக்கு எண்டு வெறுமையா விட்டு மிச்சத்தை ஏத்துறதை நான் விரும்பிறதில்ல, அரைவாசி எரியிற விளக்குக்கு முன்னால மற்ற நிகழ்வெல்லாம் நடக்கும். எதைத் தெரிவு செய்தாலும் சபைக்குக் காரணம் விளக்க வேண்டாம், நிகழ்ச்சி நிரல் மாறினது போலவே தெரியக்கூடாது.

தேவாரம் நடந்துகொண்டிருக்கேக்க அவ வாசலுக்கு வந்திட்டா எண்டா பாட்டை நிப்பாட்டாதேங்கோ, மைக்கில வரவேற்கவும் வேண்டாம். வாசல்ல நிக்கிற ஆள் அவவை அங்கயே பாட்டு முடியும் வரைக்கும் நிக்க வச்சு, ரெண்டாவது திருச்சிற்றம்பலத்துக்குப் பிறகு கூட்டிக்கொண்டு வந்து இருத்தட்டும். அவ இருந்து முடிஞ்சாப் பிறகு "எமது பிரதம விருந்தினர் திருமதி இன்னார் அவர்களை வரவேற்கின்றோம்" எண்டு சொல்லிப்போட்டு, விளக்கேற்றலை அவவுக்காகத் தள்ளி வச்சிருந்தா அதுக்கு அழையுங்கோ.